கையெழுத்து மட்டும் இருந்த பக்கம்

எனக்கு இருபத்தைந்து வயது, விமானம் ஓட்ட பி லைசென்ஸ் இருந்தது, வேலை இல்லை. சின்ன விமானக் கம்பெனிகளை எல்லாம் சர்க்கார் ஒன்றாகச் சேர்த்தபோது எங்கள் கம்பெனியும் கரைந்துபோயிற்று. கேப்டன்களுக்கு இடம் கிடைத்தது. என்னைப் போன்ற இரண்டாம் பைலட்டுகளுக்கு, "பிறகு தகவல் சொல்கிறோம்" என்று ஒரு கடிதம் கிடைத்தது. சொந்த ஊரான நகரிக்கு வந்து சேர்ந்தேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். எஞ்சின் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு அது போதவில்லை.

அப்போதுதான் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆளும் சாமானும் ஏற்றிப் போகும் கம்பெனி ஒன்று டக்கோட்டா விமானம் ஓட்டும் பைலட்டுகளைத் தேடுகிறது என்று தெரிந்தது. விண்ணப்பப் பாரம் வரவழைத்தேன். நான்கு பக்கம். லைசென்ஸ் வகை, எண், அதில் எந்தெந்த விமானத்துக்கு அனுமதி எழுதியிருக்கிறது, ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை மணி நேரம், பகலில் எவ்வளவு, இருட்டில் எவ்வளவு, தானே முதல் பைலட்டாக ஓட்டியது எவ்வளவு. அடியில் ஒரு வரி: டக்கோட்டாவில் முதல் பைலட்டாக நூறு மணி நேரமாவது இருக்கவேண்டும். கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்க, இடது இருக்கையில் நானே ஓட்டிய நேரமும் அதில் சேரும். ஆனால் அந்த நேரத்துக்குக் கேப்டன் கையெழுத்து வேண்டும்.

மாடி அறையில் பாயை விரித்து, பறந்த நேரமெல்லாம் எழுதிவைத்த லாக் புக்கைப் பிரித்தேன். டைகர் மாத் பயிற்சி விமானத்தில் 182 மணி 10 நிமிடம். பிளையிங் கிளப்பின் எல்-5 விமானத்தில் 46.30. டக்கோட்டாவில் இரண்டாம் பைலட்டாக 568.20. மேற்பார்வையில் முதல் பைலட்டாக 71.40. மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் 71.40தான்.

இருபத்தெட்டு மணி இருபது நிமிடம் குறைந்தது.

நான் எழுதிய கடைசிப் பக்கத்தின் அடியில், என்னோடு பறந்த கேப்டனின் கையெழுத்து இருந்தது. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் முந்தைய நாள் போட்டது. அங்கே போன மறு வாரமே மழை மேகத்தில் விமானம் ஒரு மலையில் மோதி இறந்தார். அவருடைய லாக் புக்கும் அவரோடு எரிந்தது. அதற்குப் பிறகு நான் பறக்கவே இல்லை, பக்கத்தைப் புரட்டவும் இல்லை.

அன்றுதான் புரட்டினேன். அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. தேதி இல்லை, ஊர் இல்லை, நேரம் இல்லை. ஆனால் அடியில், சான்றளிக்கும் இடத்தில், அதே நீல மையில் அவர் கையெழுத்து. கடைசி எழுத்தை எப்போதும் போலக் கீழே இழுத்து விட்டிருந்தார்.

மத்தியான வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. படக்கென்று புத்தகத்தை மூடினேன்.

"இன்னாடா, பாம்பைப் பாத்தவன் மாதிரி ஒக்காந்துக்கினு கீற?" என்று நைனா, என் அப்பா, படியில் நின்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல நைனா. கணக்கு பாத்துக்கினு கீறேன்."

"துன்னுட்டுப் பாரு. கணக்கு எங்கியும் ஓடிடாது."

மறுநாள் சித்தூருக்குப் போனேன். என்னோடு ஒரே கம்பெனியில் இருந்த நண்பன் அங்கே அக்கா வீட்டில் இருந்தான். அவனும் அதே வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டான். லாக் புக்கைக் காட்டினேன். அவன் சிரித்தான்.

"இதுக்கா பயந்துபோன? அவரு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உன் புக்கை ராத்திரிக்கு வாங்கினு போனாரு இல்ல? அப்பவே போட்டிருப்பாரு. ரெண்டு மூணு பேருக்கு அப்படிப் போட்டுக் குடுத்திருக்காரு. அப்புறம் கையெழுத்துக்குப் பையனுங்க எங்க தேடுவாங்கன்னு."

அது உண்மையாகத்தான் இருக்கவேண்டும். புத்தகத்தை வாங்கிப் போனார், காலையில் என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு மூச்சு வந்தது.

"அப்போ ஒன் வேல முடிஞ்சிச்சி," என்றான் நண்பன்.

"எப்படி?"

"பக்கம் கீது, கையெழுத்து கீது. இருபத்தெட்டு மணி நேரம் ஒரு பக்கத்துல அழகா ஒக்காரும். விமானத்தோட பயணப் புஸ்தகம் கம்பெனியோட போச்சி. கேப்டன் புக்கு எரிஞ்சி போச்சி. யாரு வந்து கேக்கப் போறான்?"

"பேனாவுலயே பறக்கச் சொல்றியா?"

"பேனாவுல பறக்காத பைலட்டு எவன்டா கீறான்? நான் கூட ஒரு பதினஞ்சி மணி நேரம் பறந்தேன். காத்தும் இல்ல, மழையும் இல்ல. சொகமா எறங்கினேன்."

அவன் சொன்னது பைலட்டுகளிடையே சாதாரணமாகப் புழங்கும் கேலிதான். நானும் சிரித்தேன். நகரிக்குத் திரும்பியதும் நேராக லாக் புக்கில் எழுத மனம் வரவில்லை. ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்ப்பதில் என்ன தவறு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மதராஸ்–பெங்களூர், ஒரு மணி பதினைந்து. பெங்களூர்–ஹைதராபாத், இரண்டு மணி ஐந்து. முதல் நான்கு வரிகளுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது வரியிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தேதியை எழுதும்போதே அன்றைய வானிலை தெரிந்தது. விசாகப்பட்டினம் என்று எழுதியபோது கடல் பக்கமிருந்து மழை வந்தது. பென்சில் தானாக ஓடுவது போல இருந்தது. கடைசி வரியில் கூட்டினேன். சரியாக 28.20. நிமிடம்கூடத் தவறவில்லை. நான் அப்படித் திட்டம் போட்டு எழுதவே இல்லை.

தாளை மடித்து லாக் புக்கில் வைத்தேன். மையில் பிறகு ஏற்றிவிடலாம் என்று மறுநாள் திருப்பதிக்கு ரயில் ஏறினேன். பாரத்தை டைப் அடிக்க வேண்டும். ரேணிகுண்டாவில் வண்டி நின்றபோது கண்ணை மூடினேன். டக்கோட்டாவின் இடது இருக்கையில் இருந்தேன். வலது பக்கம் கேப்டன் உட்கார்ந்திருந்தார், முழங்கால்களின்மேல் கைகளை வைத்து. அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவர் தன் பக்கத்துச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடரி மட்டும் தெரிந்தது. கண்ணைத் திறந்துவிட்டேன்.

திருப்பதி ஸ்டேஷன் தெருவில் டைப் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர் தெலுங்கர். தமிழும் பேசுவார். கோயிலுக்கு வருகிறவர்களின் மனுக்கள், வேலைக்கான விண்ணப்பங்கள் எல்லாம் அவர் கையால் போகும். என் பாரத்தைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டார்.

"ஏரோப்ளேனா! கூச்சோண்டி, ஒக்காருங்க சார். பொறந்த ஊரு?"

"சித்தூர் ஜில்லா. லைசென்ஸுல மதராஸ் ஸ்டேட்டுன்னு இருக்கு."

"இப்ப ஆந்திரா ஸ்டேட் கதா! லைசென்ஸுல ஒண்ணு, பாரத்துல ஒண்ணு இருந்தா, வெள்ளக்காரன் ரெண்டு மனுசன்னு நெனைப்பான்."

"ரெண்டையும் போடுங்க. அப்போ மதராஸ், இப்போ ஆந்திரா."

"நாளைக்கி மறுபடியும் பேரு மாத்தினா?"

"அதுக்குள்ள நான் போய்டுவேன்."

பி லைசென்ஸ் என்றால் அவர்களுக்குப் புரியாமல் போகலாம் என்று, சம்பளத்துக்கு விமானம் ஓட்ட அனுமதிக்கும் கமர்ஷியல் லைசென்ஸ் என்று பக்கத்தில் விளக்கம் போடச் சொன்னேன். விமான வகைகளை ஒற்றை எஞ்சின், இரட்டை எஞ்சின் என்று பிரித்தோம். இரண்டாம் பைலட் நேரத்தைச் சில நாடுகளில் பாதியாகத்தான் கணக்கில் எடுப்பார்கள், அதனால் அதைத் தனிப் பத்தியில் போட்டோம். முதல் பைலட் பத்தியை மட்டும் காலியாக விட்டுவிட்டுக் கடைசிக் கேள்விக்கு வரச் சொன்னேன்.

முதல் பைலட்டாக மோசமான வானிலையில் விமானத்தை இறக்கிய ஒரு அனுபவத்தைச் சுருக்கமாக விவரிக்கவும். தேதி, ஊர், லாக் புக் பக்க எண் குறிப்பிடவும்.

நான் யோசிக்கவே இல்லை. சொல்ல ஆரம்பித்தேன். விசாகப்பட்டினம். கடலிலிருந்து பக்கவாட்டுக் காற்று. மழையில் டக்கோட்டாவின் முன்கண்ணாடி ஒழுகும், என் இடது முழங்கால் முழுக்க நனைந்திருந்தது. முதல் முறை ரன்வே தெரியவில்லை, மேலே ஏற்றிவிட்டேன். இரண்டாம் முறை கடல் பக்கச் சக்கரம் முதலில் தொட்டது. வால் இறங்கும்போது விமானம் காற்றுப் பக்கம் திரும்பப் பார்த்தது, கால் மிதியால் பிடித்து நேராக்கினேன். கேப்டன் ஒரு வார்த்தை பேசவில்லை.

டைப்ரைட்டர் என் வேகத்துக்கு ஓடிற்று. மணி அடித்து நின்றது.

"பிரமாதம் சார். தேதி செப்பண்டி."

லாக் புக்கைப் புரட்டினேன். விசாகப்பட்டினம் என்று நான்கு இடத்தில் இருந்தது. நான்கிலும் நான் இரண்டாம் பைலட். வானம் தெளிவு. மறுபடியும் புரட்டினேன். முழங்கால் நனைந்தது எனக்குத் தெரியும். அந்த ஈரம் காலோடு ஒட்டிக்கொண்ட விதம்கூடத் தெரியும். பக்கங்களுக்கு நடுவிலிருந்து மடித்த தாள் நழுவி மேசையில் விழுந்தது.

அதில் ஐந்தாவது வரியில் இருந்தது. என் பென்சில் எழுத்து.

"தேதி, சார்?"

தாளைக் கையால் மூடிக்கொண்டேன். நேற்று வரை நடக்காத ஒன்று இன்று என் ஞாபகத்தில் உட்கார்ந்திருந்தது, நடந்தவற்றுக்குப் பக்கத்தில், அவற்றைவிடத் தெளிவாக. அந்தத் தாளில் பதினாறு வரிகள் இருந்தன. இன்னும் எதெதெல்லாம் வந்து உட்கார்ந்திருக்கிறதோ? நிஜமான காற்றில், ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒருநாள் இறங்கும்போது, இதை முன்பே செய்திருக்கிறேன் என்று என் கை நம்பிவிட்டால்? அதை நினைத்தபோதுதான் உண்மையில் பயந்தேன்.

"மை குடுங்க," என்றேன்.

அவர் பேனாவும் அடிக்கோலும் தந்தார். வெற்றுப் பக்கத்தின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை கோடு இழுத்தேன். கையெழுத்தின்மேல் கோடு போகும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு இழுத்து முடித்து, "இந்தப் பக்கத்தில் பறத்தல் இல்லை" என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். தாளை நான்காகக் கிழித்தேன்.

"அய்யய்யோ, ஏன் சார்?"

"அந்தப் பக்கம் தப்பு. முதல் பைலட் பத்தியில 71.40ன்னு அடிங்க. கடைசிக் கேள்விய மாத்தணும்."

ஹைதராபாத்தில் புழுதிக் காற்றில் இறக்கியதைச் சொன்னேன். தேதி இருந்தது, பக்க எண் இருந்தது. முன்னே எதுவும் சரியாகத் தெரியவில்லை, கேப்டன் இரண்டு முறை "மெதுவா" என்றார், நான் கொஞ்சம் பலமாகவே தரையில் போட்டேன். நான்கு வரி.

"மொதல்ல சொன்னதே நல்லா இருந்திச்சி சார்," என்றார் அவர், தாளைச் சுழற்றி எடுத்தபடி.

"ஆமா," என்றேன்.

சித்தூரில் அதிகாரி ஒருவரிடம் நகல்களுக்குச் சான்று வாங்கினேன். கோடு போட்ட பக்கத்தின் நகலையும் சேர்த்தே அனுப்பினேன். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "கட்டின சோத்தைக் கொட்டிட்டியேடா."

ஏழு வாரம் கழித்து அவனுக்குத் தந்தி வந்தது, கேப்டன் பயிற்சிக்கு. எனக்குக் கடிதம் வந்தது: நூறு மணி நேரம் இல்லாததால் இரண்டாம் பைலட்டாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியும், சம்பளம் அதற்கேற்ப. முதல் பைலட் நேரம் 71.40 என்று அவர்களே மறுபடி டைப் அடித்து, சரிதான் என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப இடம் விட்டிருந்தார்கள்.

நைனா அந்த இடத்தைக் காட்டி, "இங்கியா போடணும்?" என்று கேட்டார்.

மேலே இருந்த எண்ணை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். விசாகப்பட்டினத்து மழை மட்டும் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.