மரியாதையாக வந்த குறிப்பு

என் ஆய்வேட்டு வரைவுக்கு நெறியாளர் அனுப்பிய கருத்துகளை, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தேன். கீழ்பென்னாத்தூர் விவசாயிகள் வேர்க்கடலையை எப்படி விற்கிறார்கள் என்பது என் ஆய்வு. பதிவுக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் கல்லூரி வேலைக்கு நடுவே ஓடி ஓடிச் சேர்த்ததெல்லாம் அம்போ.

சிவப்புப் பேனாவும் பச்சைப் பேனாவும் வாங்கிக்கொண்டேன். செய்தே தீரவேண்டியது சிவப்பு, விருப்பமிருந்தால் செய்வது பச்சை. மனுஷன் மெயிலிலேயே கத்துகிறார். 'பக்க ஓரம் குறுகல்! கட்டாயம் மாற்று!' 'எண்பதுகளில் வந்த என் ஆய்வேட்டை ஏன் மேற்கோள் காட்டவில்லை? கட்டாயம்!' நியாயப்படி இது பச்சை. ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர் என்பதால் சிவப்பு. இருநூறு பேரிடம் கேட்டதாகச் சொல்லிவிட்டு அட்டவணையில் கூட்டுத்தொகை குறைந்திருந்ததையும் பிடித்திருந்தார். அது நிஜமான சிவப்பு. கடைசியில் பூனை மாதிரி ஒரு வரி: 'நான்காம் நோக்கத்துக்கு முடிவுரையில் பதில் இல்லை போலிருக்கிறது. நேரமிருந்தால் பார்க்கவும்.'

பச்சை போட்டேன்.

அதே நெறியாளரிடம் பட்டம் வாங்கிய அக்கா ஒருவர் எங்கள் துறையிலேயே இருந்தார். வீடு அடி அண்ணாமலையில். அன்று பௌர்ணமி, ஆட்டோவை உள்ளே விடவில்லை. கிரிவலக் கூட்டத்தோடு நானும் நடந்தேன். அவர்களுக்குப் புண்ணியம், எனக்குப் பக்க ஓரம்.

அக்கா தாளைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"சார் கத்துனா பயப்படாத, செஞ்சுட்டுப் போ. மரியாதையா எழுதுனாருன்னா பயப்படு. ஆமா, இந்த நாலாவது நோக்கம் யாரு போட்டது?"

"அவர்தான்க்கா. நான் மூணுதான் எழுதினேன். பதிவு பண்றப்போ கிடங்கு வசதியையும் சேத்துக்கோன்னாரு."

"விவசாயிங்ககிட்ட கொடுத்த கேள்வித்தாள்ல கிடங்கு பத்திக் கேட்டியா?"

"இல்லக்கா."

"கேள்வித்தாள்ல அது இல்லாததை அவரும் பாக்காம கையெழுத்துப் போட்டிருக்காரு. அதான் குரல் கம்மியா இருக்கு. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளன் மொத கேள்வியே இதைத்தான் கேப்பான். தலைப்புல கிடங்கு இல்லல்ல? தூக்கிடு."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் செருகியதற்கு நான் தேர்வில் முழிக்க வேண்டுமாம், அதுவும் நேரமிருந்தால்! பச்சைக்கு மேலேயே சிவப்பை அழுத்தினேன். முதல் அத்தியாயத்திலும் சுருக்கத்திலும் அந்த நோக்கத்தை நீக்கி, கூட்டுத்தொகையைச் சரிசெய்து, ஓரத்தை அகலமாக்கி, அவருடைய ஆய்வேட்டையும் நுழைத்து அனுப்பினேன். 'தங்கள் ஆலோசனைப்படி நான்காம் நோக்கம் நீக்கப்பட்டது' என்று பணிவாக ஒரு வரியும் சேர்த்தேன்.

மறுநாளே பதில் வந்தது. 'நல்லது. அந்த நோக்கம் தேவையில்லை என்று எனக்கு முதலிலேயே தோன்றியது. கையெழுத்துக்கு வரவும்.' அதற்குக் கீழே பழைய குரல் திரும்பியிருந்தது: 'நன்றியுரையில் என் பட்டங்கள் முழுதாக இல்லை! கட்டாயம்!'

முழுதாகப் போட்டேன். ஒரு பட்டம் கூட விடவில்லை. கிடங்கை நீக்கியதில் இடம் நிறையவே இருந்தது.