மேலே ஒரு மீட்டர்

அமுதவள்ளிக்குப் பயம் கூடவே பிறந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்தவள் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்ப்பாள். லிப்டில் ஆறாவது ஆள் ஏறினால் இவள் இறங்கிக்கொள்வாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த பொறியியல் அலுவலகத்தில் அவளுக்கு முப்பத்தோரு வருஷம் ஆகிறது. படம் நகலெடுக்க வந்தவள், மெல்ல மெல்லக் கணக்கு சரிபார்க்கிறவளாகிவிட்டாள். பட்டம் கிடையாது, கையெழுத்துப் போடும் அதிகாரமும் கிடையாது. "பயந்தாங்கொள்ளி அக்கா" என்று முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள், சில துடுக்குகள் முகத்துக்கு நேராகவே. அவள் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுப்பாள்.

சூத்திரத்தை அவள் நம்ப மாட்டாள். தண்ணீர் ஒரு சுவரைத் தள்ளுகிறது என்றால், அந்தச் சுவரைக் கேக் வெட்டுவது போல் குறுக்காகப் பட்டை பட்டையாக வெட்டிக்கொள்வாள். ஒவ்வொரு பட்டையும் தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று எழுதுவாள். ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன், இரண்டு மீட்டரில் இரண்டு டன். ஆழத்தைப் பட்டையின் பரப்பால் பெருக்கி, எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் மொத்தத் தள்ளு வந்துவிடும். கணினியில் ஒரு நொடியில் வருவதை இந்த அம்மா இருபது நிமிஷம் போடுகிறாள் என்று கேலி. கணினி பயப்படாது, அதுதான் அவளுக்கு அதன் மேல் இருந்த ஒரே குறை.

கிள்ளானில் அப்போது ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஆற்றில் போய் விழும் அகலமான சிமென்ட் வாய்க்கால். அதன் வாயில் இருந்த இரும்பு மதகு துருப்பிடித்துப்போய், கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீரை உள்ளே விட்டது. அதைக் கழற்றி மாற்ற வேண்டும். மதகுக்கு முன்னால், ஆற்றுப் பக்கம், தடித்த மரப்பலகைகளை ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகித் தற்காலிகமாக ஓர் அணை கட்டினார்கள். ஆறு மீட்டர் அகலம், செங்குத்தாக நின்றது. பின்பக்கம் எட்டு இரும்பு முட்டுகள். வாய்க்காலுக்குள் இன்னும் உள்ளே இருந்த இன்னொரு மதகை மூடி, முட்டுகளுக்குப் பின்னால் தண்ணீரை இறைத்துவிட்டு, காய்ந்த பள்ளத்தில் மூன்று பேர் நின்று வேலை செய்தார்கள். மேஸ்திரி வேலாயுதம், அவருக்குக் கீழே இரண்டு வெல்டர்கள்.

இரண்டு மீட்டர் தண்ணீருக்குத்தான் அந்த அணை. அமுதவள்ளி பட்டை போட்டுப் பார்த்திருந்தாள்: இருபது சென்டிமீட்டர் பட்டைகள் பத்து, மொத்தம் பன்னிரண்டு டன். கடல் நீர் கலந்தால் இன்னும் ஒரு துளி கனம், அதையும் மனதில் வைத்து முட்டுகளுக்கு ஒன்றரை மடங்கு தெம்பு கொடுத்திருந்தார்கள். ஆனால் புது மதகு வர ஒரு வாரம் தாமதமாகி, வேலை பௌர்ணமியில் போய் விழுந்தது. பௌர்ணமிக்குக் கடல் பெரிதாக ஏறும்.

அன்று மதியம் அவள் வாழையிலையின் முன் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. விரலெல்லாம் ரசம். இடது கையால் எடுத்தாள். கிள்ளானிலிருந்து வேலாயுதம்.

"அக்கா, இன்னைக்கு ஆயர் பாசாங், கடலேத்தம், ரொம்பப் பெருசு லா. நாலு இருவதுக்கு மூணு மீட்டர் வருமாம். மேல இன்னொரு மீட்டர் பலகை போட்டுட்டேன். உயரம் பாதி கூடுது, முட்டும் பாதி கூட்டிட்டேன். எட்டு இருந்துச்சு, இப்ப பன்னெண்டு. ஓகே தானே?"

பாதி கூடினால் பாதி கூட்ட வேண்டியதுதான். காதுக்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்.

"ஓகே லா, வேலாயுதம்," என்றாள் அமுதவள்ளி. அப்பளத்தை உடைத்தாள்.

அலுவலகம் திரும்பி வேறொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மணிக்கு, வழக்கமான அரிப்பு. கேஸை அணைத்தோமா என்று வரும் அதே அரிப்பு. ஒரு தாளை எடுத்துச் சுவரை வெட்டினாள். இப்போது பதினைந்து பட்டைகள்.

புதிதாக வந்த மேல் ஐந்து பட்டைகள் ஒன்றும் பெரிதில்லை, கூட்டினால் மூன்று டன்தான். பென்சில் ஆறாவது பட்டைக்கு வந்தது. முன்பு அது தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருந்த பட்டை, அதன் நடுவில் ஆழம் பத்து சென்டிமீட்டர். இப்போது ஒரு மீட்டர் பத்து. ஏழாவதும் அப்படியே, எட்டாவதும் அப்படியே. மேலே ஏற்றிய ஒரு மீட்டர் தண்ணீர் மேலேயே இருந்துவிடவில்லை. கீழே இருந்த பழைய பத்துப் பட்டைகள் ஒவ்வொன்றின் மேலும் தன் ஒரு மீட்டரை ஏற்றியிருந்தது. பட்டைக்கு ஒன்று புள்ளி இரண்டு டன். பத்துப் பட்டைக்குப் பன்னிரண்டு டன். பழைய பன்னிரண்டு, புதுப் பன்னிரண்டு, மேலே மூன்று: இருபத்தேழு.

பாதி கூடவில்லை. இரண்டே கால் மடங்காகியிருந்தது.

போனில் வேலாயுதம் மதியம் அனுப்பியிருந்த படம் இருந்தது. திறந்து பார்த்தாள். புது முட்டுகள் நான்கும் மேலே நின்றன, புதுப் பலகைகளுக்குப் பின்னால். மூன்று டன்னுக்கு நான்கு முட்டு. கீழே இருபத்துநாலு டன்னுக்கு அதே பழைய எட்டு. பன்னிரண்டு டன்னுக்கு நிறுத்தியவை; ஒன்றரை மடங்கு தெம்பையும் சேர்த்தால் பதினெட்டு. இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தாள், மாறவில்லை.

வேலாயுதத்துக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் இறங்கும்போது போனையெல்லாம் மேலே பெட்டியில் வைத்துவிடுவார்கள், நனையாமல் இருக்க. நான்கு தடவை அடித்தாள். பிறகு இன்ஜினியர் சுகுமாறனுக்கு அடித்தாள். ஸ்ரீ கெம்பாங்கானில் கூட்டத்தில் இருந்தார். கணக்கைச் சொல்லி, ஆட்களை ஏற்றிப் பள்ளத்தில் தண்ணீர் விட வேண்டும் என்றாள்.

"அக்கா, சேப்டி பேக்டர் இருக்கு லா, ஒன்றரை மடங்கு. பள்ளத்துல தண்ணி விட்டா மூணு நாள் வேலை போச்சு, தெரியுமா? நான் வந்து பாக்குறேன், நாலரைக்கு."

"நாலு இருவதுக்குத் தண்ணி உச்சிக்கு வந்துரும், சார்."

"பயப்படாதீங்க அக்கா." வைத்துவிட்டார்.

மூன்று மணி. அந்தப் பக்கம் வேறு யாரைத் தெரியும்? வாய்க்காலுக்கு எதிரே வடைக் கடை வைத்திருக்கும் மாரியாயியின் நம்பர் இருந்தது. போன வாரம் சைட்டுக்குப் போனபோது, அடுத்த முறை மசால்வடை எடுத்து வைக்கச் சொல்லி வாங்கி வைத்தது. அடித்தாள்.

"மாரியாயி, எதிர்ல பள்ளத்துல ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க ஆன்டி. சத்தம் கேக்குது."

"ஓடிப் போய் வேலாயுதத்தைக் கூப்புடு. போனை அவர்கிட்ட குடு. அடுப்பு கிடக்கட்டும், ஓடு!"

ஓட்டம், செருப்புச் சத்தம், யாரோ கத்துவது. அமுதவள்ளி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முருகா, முருகா என்று வாய் தானாக ஓடியது.

"என்ன அக்கா, இப்பதான் கீல் கழட்டிக்கிட்டு இருக்கேன்."

"மேல ஏறுங்க. மூணு பேரும், இப்பவே. சாமான விட்டுட்டு ஏறுங்க. ஏறினதும் பலகை அடியில இருக்கற வால்வை மேலேருந்து தொறந்து பள்ளத்துல தண்ணிய விட்டுருங்க."

"நீங்கதானே ஓகே சொன்னீங்க?"

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள், அதுவும் உண்மை. முப்பத்தோரு வருஷத்தில் அவள் கணக்கு தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. பட்டமில்லாத அவளுக்கு இருந்த ஒரே சொத்து அது. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, கீழ் முட்டுகளை மட்டும் பார்க்கச் சொல்லிச் சமாளிக்கலாமா என்று தோன்றியது. அந்த விநாடியை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசியது.

"நான் சொன்னது தப்பு, வேலாயுதம். கணக்குப் போடாம வாயால சொல்லிட்டேன். பாதி இல்ல, ரெண்டு மடங்குக்கு மேல வருது. எல்லாம் அடியில வருது."

அந்தப் பக்கம் குரல் இறங்கி வந்தது.

"அடி முட்டு ஒன்னுல மர ஆப்பு தெறிச்சுக்கிட்டே இருக்கு அக்கா. மூணு தடவ அடிச்சு ஏத்திட்டேன். மரம் ஈரம்னு நெனச்சேன்."

"ஏறுங்க!" என்று அவள் கத்தியதில் அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கார் பிடித்து அவள் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. நல்ல வெயில். முதலில் தலைகளை எண்ணினாள். கரையில் மூன்று பேர் உட்கார்ந்து மாரியாயியின் வடையைத் தின்றுகொண்டிருந்தார்கள். எண்ணி முடித்தும் நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

அணை அப்படியே நின்றது. வாய்க்காலின் உள்மதகு மூடியிருந்ததால் பள்ளம் நிரம்பி, பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளினால் பலகைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் இப்போது ஒன்றரை ஆள் ஆழம். ஆளை மூழ்கடிக்க அது போதும். ஒரு பிளாஸ்டிக் தொப்பி அதில் சுற்றிக்கொண்டிருந்தது.

சுகுமாறன் அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தார். "ஒன்னும் ஆகலயே, அக்கா. மூணு நாள் போச்சு," என்றார். திட்டவில்லை, சலிப்புத்தான். அவரோடு சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. அணை உடைந்திருந்தால் அவள் சொன்னது சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒத்துக்கொள்ளும்படி ஆகாததற்கு அவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

வேலாயுதம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். இருபது வருஷப் பழக்கம்.

"விடுங்க அக்கா. நேரத்துக்குச் சொன்னீங்கல்ல."

"வேலாயுதம், ஒன்னு கேக்குறேன், உண்மையச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி இந்த மாதிரி போன்ல கேட்டு, நான் எத்தன தடவ ஓகே சொல்லிருக்கேன்?"

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"நெறைய அக்கா," என்றார். "செராஸ்ல அந்த மண் தடுப்புச் சுவரு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. அதுகூட போன்லதான் கேட்டேன். இன்னும் நிக்குது."

அமுதவள்ளி பைக்குள் கைவிட்டுப் பென்சிலைத் தேடினாள்.