பேட்ஜ் குத்திய கை

சாத்தூர்ப் பக்கம் என் பேத்தி படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. நான் பள்ளிக்கூட வாசல் மிதித்ததே பிள்ளைகளைச் சேர்க்கத்தான், படிக்க அல்ல. அது கிடக்கட்டும்...

பேத்தி ஏழாம் வகுப்பு. பிளஸ் டூ படிக்கும் மாணவத் தலைவி, தன் டிபன் பாக்ஸைக் கழுவச் சொல்லியிருக்கிறாள். இவள் மறுத்திருக்கிறாள். உடனே வெயிலில் முட்டி போட வைத்துவிட்டாள் – சாப்பாட்டு மணி முழுக்க! 'ஒழுங்கீனம்' என்று வாத்தியாரிடம் புகார் வேறு. தலைவி பேட்ஜ் குத்தியவள் சொன்னால் வாத்தியாருக்கு வேறு சாட்சி எதற்கு?

முட்டியில் தோல் உரிந்திருந்தது. நானும் அவள் அப்பனும் அவளைக் கூட்டிக்கொண்டு கேட்கப் போனோம். ஹெட்மாஸ்டர் இரண்டு வீட்டாரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டார். தலைவியின் அப்பா யார்? என் மகன் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி முதலாளி. தீபாவளி சீசன் நேரம் வேறு.

மகன் உட்காரவே இல்லை. "சின்னப்புள்ளைக சார்... எம்மக மேலயும் தப்பிருக்கும்" என்றான்.

ஹெட்மாஸ்டர் பேத்தியிடம், "அக்கா முட்டி போடச் சொன்னாளாம்மா?"

அவள் அப்பன் முகத்தைப் பார்த்தாள். "இல்ல சார். நானா விழுந்துட்டேன்."

"சரி, கை குடுத்துக்கோங்க. முடிஞ்சுது!"

என்ன முடிந்தது? நான் வேலை பார்த்த கம்பெனியிலும் முன்பு ஒரு போர்மேன் இருந்தார், ஆட்கள் மேல் கை நீளும். மேனேஜர் அவரையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "யாரையாச்சும் அடிச்சாராப்பா?" என்று எங்களைக் கேட்பார். யார் வாய் திறப்பது?

"சார், இங்கன கேட்டா எந்தப் புள்ள சொல்லும்? தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. நாங்க யாரும் இருக்கக் கூடாது, எம்மகனும் சேத்துத்தான்" என்றேன்.

முதலாளிதான் முதலில் எழுந்தார். "பெரியவர் சொல்றது சரி. நான் வெளிய இருக்கேன்."

வீட்டில் மகன் பேத்தியிடம் கேட்டான்: "ஏம்மா பொய் சொன்ன?"

"நீங்க நின்னுக்கிட்டே இருந்தீகளேப்பா."

மறுநாள் ஒரு டீச்சர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கேட்டார். பை தூக்கியது, ஹோம்வொர்க் எழுதிக் கொடுத்தது... எல்லாம் கொட்டியது. தலைவியையும் தனியே விசாரித்தார்கள். அவள் அழுதிருக்கிறாள்: "நான் ஏழாவது படிக்கிறப்ப அக்காமாருக்கு நானும் கழுவுனேன் டீச்சர்!" பாவம்தான். அதற்காக விட்டுவிட முடியுமா? பேட்ஜ் போனது. இனி எந்தத் தலைவரும் தண்டனை கொடுக்கக் கூடாது, டீச்சரிடம் சொல்வதோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் ஒரு டீச்சர் நிற்கிறார். அது முதலிலேயே அவர்கள் வேலைதானே? பதினேழு வயசுப் பிள்ளை நெஞ்சில் பேட்ஜைக் குத்திவிட்டு ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தால் ஆச்சா?

நேற்று ஹெட்மாஸ்டர் பேத்தியிடம் வந்தாராம். "அந்தக்கா மன்னிப்புக் கேக்கணுங்கறா. கூட்டிட்டு வரவா?"

"இன்னைக்கு வேணாம் சார்."

"சரிம்மா. நீ சொல்றப்ப."

ஒழுங்கு என்பது அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நேற்றுத்தான் நுழைந்திருக்கிறது.