ஏணியா, மாத்திரையா?

எங்கள் பெரியப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. இன்னும் ஏணியேறிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்ததிலிருந்து தினமும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை. இப்போது தொடை வலித்ததும், தசைவலி தரும் என்று கேள்விப்பட்டிருந்த அந்த மாத்திரை மேல் பழி விழுந்தது.

“நிறுத்துங்க, இல்லன்னா நானே நிறுத்திடுவேன்!” என்று டாக்டரிடம் எகிறினார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். “தசைக்குப் பாதிப்பு இல்ல. ஒரு மாசம் நிறுத்திப் பாப்போம். வலி போனா வேற வழி யோசிக்கலாம். போகலன்னா திரும்பப் போடணும். மாரடைப்பு வந்தவருக்கு எழுபத்தஞ்சு தாண்டினாலும் இதால நன்மைதான் அதிகம்.”

மாதம் போனது. வலி இம்மியும் நகரவில்லை.

“வலிக்குக் காரணம் மாத்திரை இல்லங்க, ஏணிதான்! இனி ஏறாம உக்காருங்க,” என்றார் பெரியம்மா.

பெரியப்பா மாத்திரையை விழுங்கினார். “உயிர் வேணும்னுதான் இத முழுங்கறேன். அத வச்சுக்கிட்டு மூலைல உக்காரவா?”

ஏறிவிட்டார். பெரியம்மா திட்டிக்கொண்டே ஏணியை இறுக்கிப் பிடித்தார்.