பிரித்த டப்பா

கடையில் அவளுக்கு சிஐடி என்று பெயர். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் பொருளை வாங்கிப் பார்க்கும் கவுண்டரில் வேலை. 'தொடவே இல்லை' என்று சத்தியம் செய்பவரிடம், ஒட்டுப் பட்டையில் ஒட்டியிருக்கும் ஒற்றை முடியை எடுத்துக் காட்டுவாள். கடையில் பிடித்த அந்தச் சந்தேகம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடுவதில்லை.

நிறைமாதத்தில் கூட வேலை செய்பவர்கள் கடையின் சாப்பாட்டு அறையில் அவளுக்கு விருந்து வைத்தார்கள். பரிசைப் பிரித்தால் எல்லாம் சட்டை. எல்லாம் பிறந்த குழந்தை அளவு. விருந்துக்கு வந்திருந்த கணவனின் அக்கா மட்டும் ஒரு பெட்டி கொடுத்தாள். அவள் இரண்டு பிள்ளை பெற்றவள்.

பெட்டியின் ஒட்டுப்பட்டை கிழிந்திருந்தது. உள்ளே பால் துடைக்கும் துணிகளில் சோப்பு வாசனை. தெர்மாமீட்டரில் பேட்டரிக்குமேல் இருக்கவேண்டிய தாள் உருவப்பட்டிருந்தது. டயப்பரோ பிறந்த குழந்தைக்குப் பெரிதான இரண்டாம் அளவு. அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"உங்க அக்கா வீட்ல மிஞ்சினத நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றாள் கணவனிடம்.

பிரசவத்துக்குப் பிறகு அக்கா வந்து கூட இருக்கட்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்த விஷயமும் அன்றோடு முடிந்தது. பழையதைக் கொடுப்பவளை நம்பி குழந்தையைக் கொடுப்பதா? பெட்டி கட்டிலுக்கடியில் போனது.

குழந்தை வந்தது. கணவனின் விடுப்பு தீர்ந்தது. ஒரு மத்தியானம் அவள் தனியாக இருந்தாள். குழந்தையின் உடம்பு சுட்டது. ஒரு கையில் அது அழுகிறது. மறுகையால் கட்டிலுக்கடியில் துழாவினாள். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்ததும் வேலை செய்தது. காய்ச்சல் இல்லை; போர்த்தியது அதிகம். போர்வையை விலக்கியதும் சூடு தணிந்தது. பால் கக்கியபோது, அவள் வாங்கி வைத்திருந்த புதுத் துண்டு அதைத் தோளில் வழியவிட்டது. பெட்டித் துணி ஒரே ஒற்றில் உறிஞ்சியது. முதல் அளவு டயப்பர் தொடையில் தடம் பதிக்கத் தொடங்கியிருந்தது.

அப்போதும் அவள் முழுதாக நம்பவில்லை. போன் போட்டாள்.

"அண்ணி, அந்தப் பெட்டி ஏன் பிரிஞ்சிருந்துச்சு?"

"புதுத்துணி அலசாம தண்ணி குடிக்காதும்மா. அப்புறம், புள்ளய ஒரு கையில வெச்சிக்கிட்டு பேக்கிங்க பிரிச்சிருக்கியா? என் மூத்தவனுக்கு நான் பல்லால கடிச்சிருக்கேன். டயப்பர் சின்ன அளவு எல்லாரும் வாங்குவாங்க, ரெண்டு வாரத்துல பத்தாது."

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள்.

"நீ வேணாம்னியாமே, தம்பி சொன்னான்."

குழந்தைதான் அழுதது.

"சரி, வர்றேன். என் பைய நான் பிரிக்கல, நீயே பிரிச்சு சோதன போட்டுக்க."

சாயங்காலம் நாத்தனார் வந்தாள். கையிலிருந்த பையை இவள் வாங்கி வைத்தாள். ஜிப்பை ஒருமுறை பார்க்காமல் இருக்க முடியவில்லை.