மூன்றில் ஒரு பங்கு முகூர்த்தம்

அக்காவின் கல்யாணம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கோவில் மண்டபத்தில் நடந்தது. வீடியோ எடுத்தவர் என் முதலாளி, நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர். ஆயர் ஈத்தாமில் அவருடைய கல்யாண வீடியோ கடையில் எடிட்டிங் என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அங்கே படித்ததும் இதைத்தான்.

மாப்பிள்ளை வீட்டார் முழுநீள வீடியோவுக்கு முன்பே கைப்பேசியில் போட ஒரு சின்னத் துண்டு கேட்டார்கள். தாலி கட்டும் நேரம் மட்டும், கெட்டிமேளம் அறுந்துபோகாமல், நெட்டுக்குத்தாக.

அகலமாக எடுத்த படத்தை நெட்டுக்குத்தாக வெட்டினால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஃபோர் கே-யில் எடுத்திருந்ததால் தெளிவு கெடாது, ஆட்கள்தான் போய்விடுவார்கள். அந்தக் காட்சியில் இடப்பக்கம் மணவறை. மணவறையில் அம்மாவின் இடத்தில் சித்தி. அப்பா இறந்துவிட்டதால் அம்மா அங்கே ஏறக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அம்மா வலது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், கைகூப்பியபடி நின்றிருந்தார். பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் படம்தான். அவரை அந்தச் சின்னத் துண்டிலும் வைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

முதலில், படத்தை வெட்டி எடுக்கும் சட்டத்தை மென்பொருளையே நகர்த்த விட்டேன். அது அசைகிற ஆளைத் தேடிப் போகும். பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு, மேளக்காரர்களைப் பார்த்துக் கையை ஆட்டிய மாப்பிள்ளையின் மாமாவிடம் போய் நின்றது. அம்மா அசையவே இல்லை. அதன் கணக்கில் அவரும் ஒரு தூண்.

"அதுக்கு யாரு ஆடுறானோ அவன்தான் ஹீரோலா," என்று அண்ணே சிரித்தார்.

அதை அழித்துவிட்டு, சட்டம் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்க வேண்டும் என்று நானே புள்ளி வைத்து நகர்த்தினேன். மணவறையிலிருந்து அம்மாவிடம் போய்ச் சேர்வதற்குள் மூன்றாவது முடிச்சு விழுந்துவிட்டது. முழு அகலத்தையும் நடுவில் வைத்து மேலும் கீழும் மங்கலாக நிரப்பிப் பார்த்தேன். எல்லோரும் எறும்பாகிப் போனார்கள்.

கடைசியில் சட்டத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒரே காட்சியிலிருந்து ஏறக்குறையச் சதுரமான இரண்டு துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்று. கீழே அம்மாவை வைத்தால், துண்டைப் போடும் சமூக வலைத்தளத்தில் வரும் எழுத்தும் பொத்தான்களும் அவர் முகத்திலேயே விழும். அதனால் அம்மாவை மேலே வைத்தேன். தாலியைக் கீழ்ப்பாதியில் கொஞ்சம் ஏற்றி, எழுத்து மறைக்காதபடி நிறுத்தினேன். ஓடவிட்டேன். அக்கா தலை குனிகிறாள். அம்மாவின் உதடு நடுங்குகிறது. இரண்டும் ஒரே நொடியில்.

மறுநாள் மாப்பிள்ளையின் அக்கா கடைக்கே வந்துவிட்டார். ஒருமுறை பார்த்தார். மறுபடி ஓட்டச் சொல்லவில்லை.

"என்ன தம்பி இது? தாலி கட்டுற நேரத்துல, நேரா அவங்க தலைக்கு மேல ஒங்க அம்மாவ வச்சிருக்கீங்க?"

"அவங்க அங்கதான் நின்னாங்கக்கா."

"தூரமாத்தானே நின்னாங்க? தூரமா நிக்கச் சொன்னதே எதுக்கு? நல்ல காரியம்லா தம்பி. படிச்ச புள்ள, ஒங்களுக்கு நாங்க சொல்லணுமா?"

"படிச்சதாலதான்க்கா வச்சேன்."

அவர் அண்ணே பக்கம் திரும்பினார். "அண்ணே, இப்படியே போட்டா எங்க வீட்டுப் பெரியவங்க என்ன சொல்வாங்கன்னு நீங்களே பாத்துக்குங்க," என்றார். அண்ணே என்னைப் பார்க்காமலே தலையாட்டினார்.

என் அக்காவுக்குப் போன் செய்தேன். ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

"வேணாண்டா தம்பி. நீ எடிட் பண்ணிட்டுப் போயிருவே. நான்தான் அந்த வீட்டுல இருக்கணும்." குரலைத் தாழ்த்தியிருந்தாள். யாரோ அருகில் இருந்திருக்க வேண்டும்.

மேல்பாதியை எடுத்துவிட்டேன். சட்டத்தை மணவறையின்மேல் நிறுத்திப் பூட்டினேன். பொண்ணு, மாப்பிள்ளை, தாலி, சித்தியின் பட்டுப்புடவையில் பாதி. பார்த்தவர்கள் எல்லோரும் அருமை என்றார்கள்.

அம்மா புக்கிட் தெங்காவில் ஒரு பேக்டரியில் வேலை செய்கிறார். மதிய ஓய்வில் கூட்டாளிகளுக்குக் காட்டவேண்டும் என்று அந்தத் துண்டைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் மறுபடி போட்டார். பிறகு கைப்பேசியைப் படுக்கைவாக்கில் திருப்பினார், அகலப்படுத்தினால் விடுபட்டதெல்லாம் வந்துவிடும் என்பதுபோல. படம் சுருங்கி நடுவில் போய் நின்றது. இரு பக்கமும் கறுப்பு.

வலப்பக்கக் கறுப்பின்மேல் விரலை வைத்தார்.

"இங்கதானேடா நின்னேன்," என்றார்.