இரண்டு ரிலேயும் சேர்ந்து விழுந்ததை எழுதிய கடிதம்

மின் பொறியியல் முடித்த என் மகள், நாங்கள் வாழும் கன்னட நாட்டு மின்வாரியத்தில் ரிலே பாதுகாப்புப் பிரிவுப் பயிற்சிப் பொறியாளர் வேலைக்குக் கடிதம் எழுதி எங்களுக்கு வாசித்தாள். கடின உழைப்பாளி, கற்கும் ஆர்வமுள்ளவள் என்று ஓடியது.

"ஏன்டி, பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரப் போட்டாலும் இது சரியாத்தானே இருக்கும்?" என்றேன்.

முறைத்துக்கொண்டே உட்கார்ந்து, கல்லூரி ஆய்வகத்தில் நடந்ததைச் சேர்த்தாள். லைனில் கோளாறு வந்தால் அதற்குப் பக்கத்திலுள்ள ரிலே என்னும் காவல் கருவி முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மின்சாரம் வரும் வழியில் அதற்கு முந்தைய ரிலே கொஞ்சம் பொறுக்க வேண்டும். இவள் வைத்த நேர இடைவெளி போதாமல் இரண்டும் சேர்ந்தே விழுந்தன, அதாவது ஒரே நேரத்தில் துண்டித்தன. முந்தையதன் நேரத்தைக் கூட்டி, மறுபடி சோதித்துச் சரிசெய்தாள்.

"வேலை கேக்கற எடத்துல தப்பையா சொல்லுவாங்க? அந்த வரிய அடிச்சுடும்மா," என்று கெஞ்சினார் அவள் அப்பா.

"சரி பண்ணதும் நான்தானேப்பா. இருக்கட்டும் விடு."

நேர்காணலில் ஒரு பெண் பொறியாளர் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டாராம். "இங்கே இப்படி விழுந்தால் பாதி ஊர் இருட்டு. எவ்வளவு இடைவெளி வைத்தாய், ஏன்?" என்று கன்னடத்தில் கேட்டாராம். ரிலே சொன்னதும் சுற்றைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கும் நேரத்தையும் சேர்த்து இவள் கணக்குப் போட்டுக் காட்டினாளாம்.

வேலை கிடைத்தது. அடிக்கச் சொன்னவர் இப்போது அக்ரஹாரம் முழுக்க அந்தக் கதையைச் சொல்லித் திரிகிறார். நானோ, கடிதத்தைப் பாதியில் ஒதுக்காமல் அந்த வரிவரை வாசித்த முகம் தெரியாத அந்த அம்மாவுக்கு மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.